ஒரு தமிழ்க் குறுஞ்செய்திக்கு மூன்று கிரெடிட்: இது என்ன கணக்கு?

வகுப்பு நிர்வாகி · 4 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

நான் ஜூரோங் வட்டாரத்தில் ஒரு சிறிய தமிழ்த் துணைப்பாட வகுப்பின் அலுவல்களைக் கவனித்து வருகிறேன். பெற்றோர் 240 பேருக்கு அவ்வப்போது குறுஞ்செய்தி அனுப்புவதற்காக ஜூன் மாதம் ஒரு நிறுவனத்திடம் 100 வெள்ளி கொடுத்து 2,000 கிரெடிட் வாங்கினேன். ஒரு செய்திக்கு ஒரு கிரெடிட் என்றால், 240 பேருக்கு எட்டு அறிவிப்பு, மொத்தம் 1,920 போக 80 மிஞ்சும் என்பது என் கணக்கு.

இரண்டே அறிவிப்பு அனுப்பினேன். இப்போது மீதம் 524 என்று திரை காட்டுகிறது. நிறுவனத்தைக் கேட்டால், "உங்கள் செய்தி மூன்று பகுதிகள்" என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. என் செய்தியைப் பெற்றோர் எல்லாரும் ஒரே செய்தியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். என் கைப்பேசியிலும் அது ஒன்றாகத்தான் வந்தது. சென்ற ஆண்டு இதே நிறுவனத்தின் வழியாக ஆங்கிலத்தில் அனுப்பியபோது ஆளுக்கு ஒரு கிரெடிட்தான் போனது. தமிழில் எழுதினால் மும்மடங்கு கட்டணம் என்பது பகல் கொள்ளை என்றே எனக்குப் படுகிறது.

புக்கிட் பாத்தோக் வாசி · 4 ஆகஸ்ட், இரவு 10.15

எனக்கு இது விளங்கவே இல்லை. என்னுடைய மாதச் சந்தாவில் நூற்றுக்கணக்கான குறுஞ்செய்திகள் இலவசமாகவே வருகின்றன, அவற்றை நான் தொடுவதுகூட இல்லை. நீங்கள் ஏன் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்? முன்கட்டண அட்டையில் பணம் ஏற்றும்போதும் கிரெடிட் என்றுதான் சொல்வார்கள். அதில் மூன்று மடங்கு கழிந்ததை நான் பார்த்ததில்லை.

வகுப்பு நிர்வாகி · 4 ஆகஸ்ட், இரவு 10.32

நான் கேட்பது தனிநபர் கைப்பேசிச் சந்தா பற்றியது அன்று. ஒரே சொடுக்கில் நூற்றுக்கணக்கானவருக்கு, வகுப்பின் பெயர் அனுப்புநர் இடத்தில் தெரியும்படி அனுப்பும் மொத்தச் சேவை பற்றியது. 240 பேருக்கு விரல் நோகத் தட்டச்சு செய்ய எனக்கு ஆசை இல்லை.

பொங்கோல் நிரலர் · 5 ஆகஸ்ட், காலை 8.05

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கணினியில் ஓர் ஆங்கில எழுத்து ஒரு பைட். யுனிகோடில் ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட். நீங்களும் மூன்று மடங்கு கட்டியிருக்கிறீர்கள். கொள்ளையும் இல்லை, பாகுபாடும் இல்லை, வெறும் பெருக்கல் வாய்ப்பாடு.

பழைய தொலைத்தொடர்பாளர் · 5 ஆகஸ்ட், மதியம் 1.20

பதினைந்து ஆண்டுகள் குறுஞ்செய்தி நுழைவாயில்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன், பெரும்பாலும் இரவுப்பணி. நிரலர் தம்பி சொல்வது இணையப் பக்கங்களுக்கும் கோப்புகளுக்கும் பொருந்தும். குறுஞ்செய்திக்குப் பொருந்தாது. மூன்று என்ற எண் ஒத்துப்போனது தற்செயல்.

ஒரு குறுஞ்செய்தி என்பது 140 பைட் கொள்ளும் ஒரு பெட்டி. உள்ளே என்ன மொழி இருந்தாலும் பெட்டியின் அளவு மாறாது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில ஐரோப்பிய எழுத்துகளும் மட்டுமே இருந்தால், ஒவ்வொன்றையும் 7 பிட்டுக்குள் அடைக்கும் ஒரு பழைய பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத குறி ஒன்றே ஒன்று நுழைந்தாலும் செய்தி முழுவதும், அதிலுள்ள ஆங்கில எழுத்துகள் உட்பட, ஒவ்வொன்றுக்கும் 2 பைட் எடுக்கும் முறைக்கு மாறிவிடுகிறது. செய்தி ஒரு பெட்டியில் அடங்காவிட்டால் பல பெட்டிகளில் போகும். அவற்றை வரிசைப்படுத்திச் சேர்ப்பதற்கான குறிப்பு ஒவ்வொரு பெட்டியிலும் 6 பைட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பெட்டியில் எத்தனை குறி அடங்கும் என்ற கணக்கு, இடப்பக்கம் 7 பிட் முறை, வலப்பக்கம் 2 பைட் முறை:

```
ஒரே பெட்டி:    140 × 8 ÷ 7 = 160        140 ÷ 2 = 70
பல பெட்டிகள்:  (140 − 6) × 8 ÷ 7 → 153   (140 − 6) ÷ 2 = 67
```

உங்கள் கைப்பேசி அந்தப் பெட்டிகளைப் பிரித்து ஒன்றாக ஒட்டிக் காட்டுகிறது, அதனால் உங்களுக்கு ஒரே செய்தி. வலையமைப்பில் பயணம் செய்தவை மூன்று, நிறுவனமும் தனக்கு மேலே உள்ள தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு மூன்றுக்குத்தான் பணம் கட்டியிருக்கும். கிரெடிட் என்பது செய்தியின் விலை அன்று, பெட்டியின் விலை. அனுப்பிய செய்தியை அப்படியே இங்கே ஒட்டுங்கள், எண்ணிப் பார்ப்போம்.

வகுப்பு நிர்வாகி · 5 ஆகஸ்ட், இரவு 8.50

இதுதான் இரண்டாவதாக அனுப்பியது:

"வணக்கம். சனிக்கிழமை தொடக்கநிலை 6 வகுப்பு காலை 9 மணிக்குப் பதிலாக 10 மணிக்குத் தொடங்கும். மாணவர்கள் கட்டுரைப் பயிற்சி நூலைக் கொண்டு வரவும்."

நான் பென்சிலை வைத்துக்கொண்டு இடைவெளியையும் சேர்த்து எண்ணினேன். 91 வருகிறது. நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், 70க்கு மேல், 134க்குக் கீழ். எனவே இரண்டு பெட்டிதானே? மூன்றாவது எங்கிருந்து வந்தது?

பழைய தொலைத்தொடர்பாளர் · 6 ஆகஸ்ட், அதிகாலை 12.40

நீங்கள் தமிழாசிரியர் எண்ணுவதுபோல எண்ணியிருக்கிறீர்கள். கணினி அப்படி எண்ணாது. நம் கண்ணுக்கு "கி" ஓர் எழுத்து. யுனிகோடில் அது "க" ஒன்று, இகரக் குறி ஒன்று. "க்" என்ற மெய்யும் இரண்டு, ஏனென்றால் புள்ளி தனிக் குறியாக இருக்கிறது. "வணக்கம்" என்ற ஐந்து எழுத்துச் சொல் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழாகிறது.

உங்கள் செய்தியை இவ்வாறு எண்ணினால் 138. கொம்பு, கால், புள்ளி என்று உங்கள் பென்சில் தாண்டிச் சென்றவை மட்டும் 47. இரண்டு பெட்டியின் கொள்ளளவு 134. நான்கே நான்கு குறி கூடுதலாகப் போனதால் மூன்றாவது பெட்டி திறக்கப்பட்டிருக்கிறது, அதில் 63 இடம் காலியாகவே பயணம் செய்திருக்கிறது. காலி இடத்துக்கும் கட்டணம் உண்டு.

வகுப்பு நிர்வாகி · 6 ஆகஸ்ட், காலை 7.30

வேலைக்குப் போகும் வழியில் எம்ஆர்டியில் நின்றுகொண்டே படித்தேன். நான்கு குறி! "வணக்கம்" என்ற சொல்லை முற்றுப்புள்ளியோடும் இடைவெளியோடும் நீக்கினால் ஒன்பது குறையும். 129 ஆகி இரண்டு பெட்டியில் அடங்கிவிடும். ஆக, பெற்றோருக்கு வணக்கம் சொன்னதற்கு ஆளுக்கு ஒரு கிரெடிட் கொடுத்திருக்கிறேன்.

வகுப்பு நிர்வாகி · 6 ஆகஸ்ட், மதியம் 12.55

மேலே நான் எழுதிய கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது, யாரும் சுட்டிக்காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 240 பேருக்கு மும்மூன்று என்றால் 720. இரண்டு அறிவிப்புக்கு 1,440. மீதம் 560 இருக்க வேண்டும். ஆனால் 524 தான் இருக்கிறது. 36 எங்கே போனது என்று மதிய உணவு நேரத்தில் தேடினேன்.

நம் பட்டியலில் ஆறு பெற்றோர் ஜொகூரில் இருக்கிறார்கள், மலேசிய எண்தான் வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் விலைப்பட்டியலில், நான் ஒருபோதும் திறந்து பார்க்காத ஓர் இணைப்பில், மலேசிய எண்ணுக்கு ஒரு பகுதிக்கு 2 கிரெடிட் என்று இருக்கிறது. எனவே ஓர் அறிவிப்புக்கு 234 × 3 = 702, அத்துடன் 6 × 3 × 2 = 36, ஆக 738. இரண்டு முறைக்கு 1,476. மீதம் 524. திரையில் உள்ள எண்ணும் இதுவும் ஒட்டிப்போகின்றன.

பகல் கொள்ளை என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இத்தனை பகுதி, இத்தனை கிரெடிட் என்று காட்டியிருக்கலாம் என்ற குறை அப்படியே இருக்கிறது.

தேக்கா சமையல்காரி · 7 ஆகஸ்ட், மாலை 4.10

தமிழுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்காதீர்கள் தம்பி. சென்ற தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் முன்பதிவுக்காக வாடிக்கையாளர் 400 பேருக்கு ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன். என் மகள் கணினியில் அழகாகத் தட்டச்சு செய்து எண்ணிப் பார்த்து 150 எழுத்து, ஒரே செய்தியில் அடங்கும் என்றாள். கழிந்தது 1,200 கிரெடிட்.

அந்தக் காசு போனதைவிட இன்னொன்றுதான் வலித்தது. அனுப்புநர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. கடையின் பெயர் வர வேண்டிய இடத்தில் `Likely-SCAM` என்று எல்லாருக்கும் போயிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக என்னிடம் முறுக்கு வாங்கும் ஒரு பாட்டி தொலைபேசியில் அழைத்து, "உன் கடையை யாரோ திருடிவிட்டார்களா?" என்று கேட்டார்.

பழைய தொலைத்தொடர்பாளர் · 7 ஆகஸ்ட், இரவு 11.15

அக்கா, உங்கள் மகள் அதை ஆவண மென்பொருளில் தட்டச்சு செய்து அங்கிருந்து ஒட்டியிருப்பார். அந்த மென்பொருள் நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாகத் தானே மாற்றிவிடும். நேர் குறி பழைய 7 பிட் பட்டியலில் இருக்கிறது, வளைந்தது இல்லை. அந்த ஒற்றைக் குறியால் 150 எழுத்தும் இரண்டு பைட் முறைக்கு மாறியிருக்கும். 150ஐ 67ஆல் வகுத்தால் இரண்டுக்குச் சற்று மேல், எனவே மூன்று பெட்டி. நீளமான கோட்டுக்குறியும் இதே வேலையைச் செய்யும். செய்தியில் அகல் விளக்குப் படம் ஏதும் வைத்திருந்தீர்களா? அதுவும் ஓர் இடம்தான் எடுக்கும், ஆனால் செய்தி முழுவதையும் மாற்றிவிடும்.

அனுப்புநர் பெயர் விஷயம் வேறு கதை. 2023 ஜனவரி 31 முதல் சிங்கப்பூரில் பதிவு செய்யப்படாத அனுப்புநர் பெயர்கள் அப்படித்தான் காட்டப்படுகின்றன. முத்திரை எதுவானாலும் பெட்டி பயணம் செய்துவிட்டது என்பதால் கிரெடிட் கழியும்.

பழைய தொலைத்தொடர்பாளர் · 7 ஆகஸ்ட், இரவு 11.40

திருத்தம்: விளக்குப் படம் ஓர் இடம் அன்று, இரண்டு இடம். பட எழுத்துகள் இரண்டு பைட்டுக்குள் அடங்காமல் இரட்டையாகப் பிரிந்து போகின்றன. தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன்.

தேக்கா சமையல்காரி · 8 ஆகஸ்ட், காலை 6.20

இரண்டு விளக்கு வைத்திருந்தோம். இந்த ஆண்டு விளக்கு கடை வாசலில் மட்டும்தான்.

வகுப்பு நிர்வாகி · 9 ஆகஸ்ட், மாலை 5.00

தேசிய தின விடுமுறையில் உட்கார்ந்து செய்தியைச் செதுக்கினேன். எங்கள் ஆசிரியைக்கு "வணக்கம்" இல்லாத செய்தியில் உடன்பாடு இல்லை. பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்புகிறோமா, ஆணை பிறப்பிக்கிறோமா என்று கேட்டார். எனவே வணக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசியில் "நூலைக் கொண்டு வரவும்" என்பதை "நூலுடன் வரவும்" என்று மாற்றினேன். ஆறு குறி குறைந்து 132 ஆகிறது. பொருளில் ஒரு மாற்றமும் இல்லை, சொல்லப்போனால் வாக்கியம் முன்பைவிட நன்றாகவே இருக்கிறது.

ஆசிரியை அதைத் தம் கோப்பில் சேர்த்துத் திருத்தி எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். நான் அதை எடுத்து முதலில் என் எண்ணுக்கு மட்டும் சோதனையாக அனுப்பினேன்.

மூன்று கிரெடிட் கழிந்திருக்கிறது.

பொங்கோல் நிரலர் · 9 ஆகஸ்ட், மாலை 5.25

நான் முதல் நாளே சொன்னேன். ஒரு குறிக்கு மூன்று பைட் என்று கணக்கிட்டால், இடைவெளி, எண், முற்றுப்புள்ளி நீங்கலாக அந்தச் செய்தியில் 109 தமிழ்க் குறிகள். அவை 327 பைட், மற்ற 23 சேர்த்து 350. பெட்டிக்கு 134 பைட் என்றால் மூன்று பெட்டி. என் கணக்கு திரையோடு ஒத்துப்போகிறது, ஐயாவின் கணக்கு ஒத்துப்போகவில்லை.

பழைய தொலைத்தொடர்பாளர் · 10 ஆகஸ்ட், காலை 10.30

தம்பியின் கூட்டல் சரி, ஆனால் காரணம் வேறாக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். நிர்வாகி ஐயா, நீங்கள் எனக்குத் தனியே அனுப்பிய ஆசிரியையின் கோப்பைக் குறி குறியாகப் பிரித்துப் பார்த்தேன். அதில் 132 இல்லை, 135 இருக்கிறது. திரையில் பார்த்தால் இரண்டும் அச்சு மாறாமல் ஒன்றுபோலவே தெரிகின்றன.

"தொடக்கநிலை", "தொடங்கும்" ஆகிய இரண்டு சொற்களிலும் "தொ" வருகிறது. அந்த ஒகரக் குறியை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்:

```
தொ = U+0BA4 U+0BCA           → 2
தொ = U+0BA4 U+0BC6 U+0BBE    → 3
```

முதலாவதில் ஒகரக் குறி முழுதாக ஒன்று. இரண்டாவதில் முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனி. ஆசிரியையின் கோப்பு பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்றப்பட்டதாக இருக்கலாம். அத்தகைய மாற்றிகளில் சில இப்படித்தான் பிரித்துப் போடும். இரண்டு "தொ"வுக்கும் சேர்த்து இரண்டு கூடி 134 ஆனது. அதுவும் இரண்டு பெட்டியில் துல்லியமாக அடங்கியிருக்கும். ஆனால் செய்தியின் முடிவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிமுறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது ஒன்று. 135.

வகுப்பு நிர்வாகி · 10 ஆகஸ்ட், காலை 11.20

என் கைப்பேசியிலேயே முழுவதையும் புதிதாகத் தட்டச்சு செய்து, கடைசி முற்றுப்புள்ளிக்குப் பிறகு எதையும் தொடாமல், மறுபடியும் எனக்கே அனுப்பினேன். இரண்டு கிரெடிட்!

பொங்கோல் நிரலர் · 10 ஆகஸ்ட், மதியம் 12.05

என் கணக்குப்படி இப்போதும் மூன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். முதல் செய்தியிலும் இரண்டு கணக்கும் மூன்று என்றே சொன்னதால்தான் நான் ஏமாந்தேன். இனிமேல் சோதித்துப் பார்க்க, இரண்டு விளக்கமும் வேறு வேறு விடை தரும் செய்தியை எடுத்துக்கொள்வேன்.

புக்கிட் பாத்தோக் வாசி · 11 ஆகஸ்ட், இரவு 9.00

இத்தனை பாடு எதற்கு? தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பிவிடுங்கள். என் பிள்ளைகள் எனக்கு அப்படித்தான் அனுப்புகிறார்கள், எனக்குப் புரிகிறது. அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

வகுப்பு நிர்வாகி · 11 ஆகஸ்ட், இரவு 9.45

கணக்கு மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். `vanakkam` என்று எழுதினால் எட்டு எழுத்து, ஏழு பைட்டில் அடங்கிவிடும். "வணக்கம்" ஏழு குறி, பதினான்கு பைட். பாதிக்குப் பாதி மிச்சம். ஆனால் தமிழ் கற்பிப்பதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் வகுப்பு, பெற்றோருக்கு ஆங்கில எழுத்தில் தமிழ் அனுப்பினால் ஆசிரியை அன்றே சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். முழு அறிவிப்பையும் இணையத்தில் வைத்து இணைப்பு மட்டும் அனுப்பலாம் என்று முன்பு யோசித்தேன். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள் என்று பல ஆண்டுகளாக எச்சரிக்கப்பட்ட மக்கள் அதைத் தொட மாட்டார்கள், தொடவும் கூடாது.

பழைய தொலைத்தொடர்பாளர் · 12 ஆகஸ்ட், அதிகாலை 1.10

வாட்ஸ்அப் வணிகச் சேவையில் நீளத்துக்குக் கணக்கில்லை என்பது உண்மை. அங்கே அளவுகோல் வேறு: 2025 ஜூலை 1 முதல் செய்திக்கு இவ்வளவு என்ற முறை வந்திருக்கிறது. அது விளம்பரமா, சேவைத் தகவலா என்ற வகையையும், பெறுபவரின் எண் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதையும் பொறுத்து விலை மாறும். வகுப்பு நேர மாற்றம் சேவைத் தகவல். "நண்பரைச் சேர்த்தால் கட்டணக் கழிவு" என்று ஒரு வரி சேர்த்தால் அதுவே விளம்பரம் ஆகிவிடலாம். இங்கே புள்ளியை எண்ணும் நீங்கள் அங்கே சொல்லின் நோக்கத்தை எண்ண வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழையும் 7 பிட்டில் அடைப்பதற்கான எழுத்துப் பட்டியல் `3GPP TS 23.038` என்ற தரநிலையிலேயே இருக்கிறது. இந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றுக்கும் உண்டு. அது நடைமுறையில் இருந்திருந்தால் உங்கள் 138 குறியும் ஒரே பெட்டியில், ஒரே கிரெடிட்டில் போயிருக்கும். தலைப்புக் குறிப்புகள் போகவும் ஒரு பெட்டியில் 150க்கு மேல் கொள்ளும். ஆனால் அனுப்பும் நிறுவனம், இடையிலுள்ள வலையமைப்பு, பெறும் கைப்பேசி மூன்றுமே அதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று புரிந்துகொள்ளாவிட்டாலும் பெற்றோர் திரையில் குப்பை எழுத்துதான் தெரியும். அதனால் நான் வேலை பார்த்த இடங்களில் யாரும் அதைத் தொடவில்லை. கட்டமைப்பு இருந்தும் கதவு பூட்டியே கிடக்கிறது.

வகுப்பு நிர்வாகி · 12 ஆகஸ்ட், காலை 8.15

அப்படியானால் "பகல் கொள்ளை"யைப் பாதி திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளையடித்தவர் யார் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

வகுப்பு நிர்வாகி · 15 ஆகஸ்ட், இரவு 10.05

மூன்றாவது அறிவிப்பு இன்று போய்ச் சேர்ந்தது. 524இல் சோதனைக்கு 3, 2 என்று ஐந்து போக 519. அறிவிப்புக்கு 234 × 2 = 468, ஜொகூர் எண்களுக்கு 6 × 2 × 2 = 24, ஆக 492. பழைய 738உடன் ஒப்பிட்டால் 246 கிரெடிட், அதாவது 12 வெள்ளி 30 காசு மிச்சம். அதைவிட முக்கியம், பழைய வடிவில் இந்த அறிவிப்பை அனுப்பியே இருக்க முடியாது.

அறிக்கையில் நான்கு எண்களுக்கு "சென்றடையவில்லை" என்று இருக்கிறது. நான்கும் உள்ளூர் எண்கள். அவற்றுக்கும் எட்டு கிரெடிட் கழிந்திருக்கிறது.

பழைய தொலைத்தொடர்பாளர் · 15 ஆகஸ்ட், இரவு 11.50

அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் அனுப்பியதற்கு வாங்குவார்கள், சிலர் சேர்ந்ததற்கு வாங்குவார்கள். தவறான எண் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதற்கும், சரியான எண்ணின் கைப்பேசி பல நாள் அணைந்திருந்ததற்கும் வித்தியாசம் பார்ப்பவர்களும் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

வகுப்பு நிர்வாகி · 16 ஆகஸ்ட், காலை 7.40

பார்த்தேன். "செயலாக்கப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும்" என்று இருக்கிறது. செயலாக்கம் என்றால் எது வரை என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். அந்த நான்கு பேரையும் இன்று மாலை நானே அழைத்து எண் மாறியிருக்கிறதா என்று விசாரிக்கப் போகிறேன். மீதம் 27.